பாஸ் பண்ணலாமா பாஸ்?

போன வாரம் ‘ஹாஸ்டல் மெஸ் பில் எப்படி ஏறுது’ன்னு எழுதினதுக்கு, எங்க மெஸ் கமிட்டி செகரட்டரி என்னைப் பார்த்தாலே முறைக்கிறார். அதனால இந்த வாரம் மெஸ் பக்கம் போகாம, நம்ம மொபைலுக்குள்ள இருக்கிற மேட்டருக்கு வந்துடுறேன். மாசா மாசம் சத்தமே இல்லாம அக்கவுன்ட்ல இருந்து கழியுதே... அந்த சந்தா மேட்டர்.

முதல்ல ஒரு சின்ன ஃப்ளாஷ்பேக். எங்க வீட்ல கோடை லீவுக்கு தாத்தா ஊருக்குக் கிளம்பும்போது, அம்மா மறக்காம செய்யிற வேலை ஒண்ணு இருக்கு. காலையில பால்காரர் வந்ததும், “அண்ணே, நாளையில இருந்து பத்து நாளைக்குப் பால் வேண்டாம். வந்ததும் சொல்றேன்”னு சொல்லிடுவாங்க. பேப்பர் போடுற தம்பிக்கும் அதே டயலாக். அவ்வளவுதான், மேட்டர் ஓவர். யாரும் “ஏன் நிறுத்துறீங்க? பாதி விலைக்குத் தர்றேன், தொடர்ந்து வாங்குங்க”ன்னு கேட்க மாட்டாங்க. கேட்டாலும் அம்மா சிரிச்சுட்டுப் போயிடுவாங்க. வீடே பூட்டிக் கிடக்கும்போது பாதி விலைக்குப் பால் எதுக்கு?

இதே அறிவு எனக்கு போன மே மாசம் இருந்திருந்தா 1,500 ரூபாய் மிச்சமாயிருக்கும்.

நடந்தது இதுதான். பிளேஸ்மென்ட்டுக்கு கோடிங் பயிற்சி எடுக்கலாம்னு ஒரு ஆப்ல சேர்ந்தேன். பேர் வேண்டாம். மாசம் 600 ரூபாய், ஒவ்வொரு மாசமும் 12-ம் தேதி யு.பி.ஐ. ஆட்டோபேல கழியும். மே முதல் வாரம் செமஸ்டர் எக்ஸாம் முடிஞ்சு ஊருக்குக் கிளம்புற மூட். ‘லீவுல எவன் கோடு அடிக்கப் போறான்’னு தெளிவா யோசிச்சு, கேன்சல் பண்ணத்தான் போனேன். சத்தியமா! ஆனா பட்டனை அமுக்கினதும், “ஏன் போறீங்க?”ன்னு ஒரு கேள்வி. ‘விலை அதிகம்’னு டிக் பண்ணினேன். அடுத்த செகண்ட் பட்டாசு வெடிக்கிற மாதிரி அனிமேஷனோட ஒரு பக்கம்... “உங்களுக்காக மட்டும்! அடுத்த 3 மாதங்களுக்கு 50% தள்ளுபடி!” மனசு கரைஞ்சு போச்சு. 600 ரூபாய் பொருள் 300 ரூபாய்க்கு! விடுவானா தமிழன்?

மே 12 அன்னைக்கு 300. ஜூன்ல 300. ஜூலையில 300. அந்த மூணு மாசமும் நான் ஊர்ல அப்பாவோட மளிகைக் கடையில உட்கார்ந்து பருப்பு நிறுத்துட்டு இருந்தேன். ஆப்பைத் திறந்தது மொத்தமா நாலு நாள். அப்புறம் ஆகஸ்ட் 12-ம் தேதி, தள்ளுபடி முடிஞ்சு முழு 600 கழிஞ்சது. அதே வாரம் மெஸ் பில் கட்டணும், அக்கவுன்ட்ல 400 ரூபாய் குறையுது. அப்பாவுக்குப் போன் பண்ணி, “அப்பா, ஒரு நானூறு...”ன்னு இழுத்தேன். எதுக்குன்னு கேட்டார், சொன்னேன். கொஞ்ச நேரம் அமைதி. “வேண்டாம்னு சொல்லத்தானேடா போன? அப்புறம் ஏன் வாங்கிட்டு வந்த?” என்றார். திட்டவே இல்லை. அதுதான் ரொம்ப வலிச்சது.

அந்தக் கேள்விக்கு பதில் தேடித்தான் இந்த மேட்டரை நோண்ட ஆரம்பிச்சேன்.

முதல்ல ஒரு விஷயம் தெரிஞ்சுக்கோங்க. கேன்சல் பண்ணப் போகும்போது வர்ற அந்தத் தள்ளுபடி, நம்ம மூஞ்சியைப் பார்த்து பாவப்பட்டுக் கொடுக்கிறது இல்லை. அதுக்குன்னே சாஃப்ட்வேர் இருக்கு. நம்ம ஊர்லயே ஒரு கனெக்‌ஷன் உண்டு. 2011-ல சென்னையில ஆரம்பிச்ச சார்ஜ்பீ கம்பெனி, சந்தா பில்லிங் சாஃப்ட்வேர் செய்றவங்க. அவங்க 2022-ல பிரைட்பேக்னு ஒரு அமெரிக்க கம்பெனியை வாங்கினாங்க. அந்த பிரைட்பேக்கோட வேலையே, கேன்சல் பண்ண வர்ற கஸ்டமரை எப்படித் தக்கவைக்கிறதுங்கிறதுதான். “ஏன் போறீங்க?”ங்கிற கேள்வி சும்மா சர்வேக்கு மட்டும் இல்லை. நீங்க எதை டிக் பண்றீங்களோ, அதைப் பொறுத்து அடுத்த பக்கம் மாறுற மாதிரி செட் பண்ணி வைக்கலாம். ‘விலை அதிகம்’னா தள்ளுபடி. ‘இப்ப அதிகமா யூஸ் பண்றதில்லை’ன்னா நிறுத்தி வைக்கிற வசதி. ‘சரியா ஓடலை’ன்னா கஸ்டமர் கேர் லிங்க். நம்ம லேப்ல எழுதுற ‘இஃப்-எல்ஸ்’ தான்!

என் கதையில பாருங்க... உண்மையான காரணம் ‘மூணு மாசம் யூஸ் பண்ண மாட்டேன்’ங்கிறது. நான் டிக் பண்ணினது ‘விலை அதிகம்’. தப்பான வியாதியைச் சொன்னேன், தப்பான மருந்து கொடுத்துட்டாங்க. கரெக்ட்டா சொல்லியிருந்தா, ஒருவேளை நிறுத்தி வைக்கிற பட்டன் முதல்ல வந்திருக்கும். அந்த ஆப்ல அந்த வசதி இருந்ததே எனக்கு ஆறு மாசம் கழிச்சுத்தான் தெரிஞ்சது. தள்ளுபடி பக்கத்துக்குக் கீழ, சின்ன எழுத்துல, சாம்பல் கலர்ல, ‘Pause instead’னு ஒரு வரி. ரெக்கார்ட் நோட்டுல பென்சில்ல போட்ட கோடு மாதிரி!

சரி, பாஸ்னா என்ன, கேன்சல்னா என்ன? (இந்தக் கட்டுரை பூரா பாஸ், பாஸ்னு வரும். எது ஆங்கில ‘நிறுத்து’, எது எக்ஸாம்ல எடுக்கிறது, எது ‘வாங்க பாஸ்’ங்கிறது உங்க சாமர்த்தியம்!)

ரெண்டுலயும் பெரும்பாலும் ஏற்கெனவே காசு கட்டின நாள் வரைக்கும் ஓடும், அதுக்கப்புறம்தான் நிற்கும். வித்தியாசம் அதுக்குப் பிறகுதான். கேன்சல் பண்ணினா கதவு மூடிடும். திரும்ப நாமளா போய்த் தட்டினாத்தான் திறக்கும். பாஸ் பண்ணினா, கதவு ஒரு தேதியில தானாவே திறக்கும். திறக்கும்போதே காசும் கழியும். எங்க வீட்டுப் பால்காரருக்கும் ஆப்புக்கும் இதுதான் வித்தியாசம். அவர் நாங்க வந்து சொன்னாத்தான் மறுபடி பால் ஊத்துவார். ஆப், பத்தாவது நாள் காலையில பூட்டின வீட்டு வாசல்லயே பாலை வெச்சுட்டு பில்லையும் சொருகிட்டுப் போயிடும்.

அப்போ எதுக்கு பாஸ்? நேரா கேன்சலே பண்ணிடலாமேன்னு தோணும். பல நேரம் அதுதான் சரி. ஆனா மூணு விஷயத்தைச் செக் பண்ணுங்க. ஒண்ணு, பழைய விலை. நீங்க சேர்ந்தப்போ 600, இப்போ புதுசா சேர்றவங்களுக்கு 700-ன்னு ஏத்தியிருப்பாங்க. பழைய ஆளுங்களுக்கு மட்டும் 600-லயே ஓடிட்டு இருக்கலாம். கேன்சல் பண்ணிட்டு திரும்பி வந்தா நீங்களும் புது ஆள்தான். ரெண்டு, சேர்த்து வெச்ச சரக்கு. ஆடியோ புக் தர்ற ஆடிபிள் மாதிரி இடங்கள்ல மாசத்துக்கு ஒரு கிரெடிட் கொடுப்பாங்க. வாங்கின புத்தகம் உங்ககிட்டேயே இருக்கும். ஆனா செலவழிக்காத கிரெடிட்டை வெச்சுக்கிட்டு கேன்சல் பண்ணினா, அது போயே போச்சு. முதல்ல கிரெடிட்டை செலவு பண்ணிட்டு அப்புறம் கிளம்புங்க. மூணு, உங்க ஹிஸ்டரி. பயிற்சி ஆப்ல எத்தனாவது பாடம் வரைக்கும் முடிச்சோம், எதைத் தப்பா போட்டோம்கிற கணக்கு. சினிமா பார்க்கிற ஆப்ல இது பெரிய விஷயமில்லை. நெட்ஃபிளிக்ஸே கேன்சல் பண்ணின பிறகு பல மாசம் வரைக்கும் நம்ம ஹிஸ்டரியை வெச்சிருக்கறதா சொல்லுது. அதுக்காகவெல்லாம் பயந்துட்டு காசு கட்ட வேண்டாம்.

இந்த மூணும் உங்களுக்கு ஒண்ணுமில்லைன்னா, பாஸ் வேண்டாம். கேன்சல் போதும். தானா திறக்கிற கதவு நமக்கு எதுக்கு?

இன்னொண்ணு... பாஸ் வசதி எல்லா இடத்துலயும் கிடையாது. கூகுள் ப்ளேல வாங்கின மாசச் சந்தாவுக்கு, அந்த ஆப்காரங்க அனுமதிச்சிருந்தா, மூணு மாசம் வரைக்கும் நிறுத்தி வைக்கலாம். வருஷச் சந்தாவை நிறுத்தி வைக்க முடியாது. யூடியூப் பிரீமியத்தை ஆறு மாசம் வரைக்கும் நிறுத்தலாம். ஆனா அந்த நேரத்துல டவுன்லோடு பண்ணி வெச்ச வீடியோவைப் பார்க்க முடியாது. பஸ்ல போகும்போது பார்க்கலாம்னு சேர்த்து வெச்சிருந்தா, பிம்பிளிக்கி பிலாக்கி!

இப்போ தள்ளுபடி மேட்டருக்கு வருவோம். இதுதான் மெயின் பிக்சர்.

போன நவம்பர்ல எனக்கு அதே சீன் மறுபடியும் வந்துச்சு. (ஆமா, ஆகஸ்ட்ல 600 கழிஞ்சதும் ‘கட்டினது கட்டியாச்சு’ன்னு தொடர்ந்து யூஸ் பண்ணினேன். ஆப் உண்மையிலேயே நல்ல ஆப்தான், அதுதான் பிரச்னையே.) நவம்பர் 8-ம் தேதி. செமஸ்டர் எக்ஸாம் தொடங்குது. டிசம்பர் வரைக்கும் எக்ஸாம், அப்புறம் லீவு. ஜனவரி ரெண்டாவது வாரம்தான் திரும்ப கோடிங் பக்கம் போவேன். மார்ச் வரைக்கும் வேணும். அதாவது நவம்பர் 12-ல இருந்து ரெண்டு மாசம் வேண்டாம், ஜனவரி 12-ல இருந்து மூணு மாசம் கட்டாயம் வேணும். கேன்சல் பட்டனை அமுக்கினா, அதே பட்டாசு, அதே 50%, அதே மூணு மாசம்.

இந்தத் தடவை ரஃப் நோட்டை எடுத்தேன்.

தள்ளுபடியை வாங்கிக்கிட்டா, நவம்பர், டிசம்பர், ஜனவரி மூணு மாசமும் 300 வீதம் 900. பிப்ரவரி, மார்ச் ரெண்டும் முழு விலை, 1,200. மொத்தம் 2,100 ரூபாய்.

ரெண்டு மாசம் நிறுத்தி வெச்சா, நவம்பர், டிசம்பர் பூஜ்யம். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் முழு விலை. மொத்தம் 1,800 ரூபாய்.

பார்த்தீங்களா? பாதி விலைத் தள்ளுபடி, ஒரு பைசா தள்ளுபடி இல்லாத பாஸை விட 300 ரூபாய் அதிகம்! எனக்கே மூணு தடவை கூட்டிப் பார்த்தாத்தான் நம்பிக்கை வந்துச்சு. காரணம் சிம்பிள். தள்ளுபடி மூணு மாசத்துல ரெண்டு மாசம் நான் அந்தப் பக்கமே போகப்போறதில்லை. அப்போ 900 ரூபாய் கொடுத்து நான் நிஜமா வாங்கினது ஜனவரி ஒரு மாசம்தான். 600 ரூபாய் பொருளை 900-க்கு வாங்கிட்டு, ‘பாதி விலை’ன்னு சந்தோஷப்பட்டிருப்பேன்.

அடுத்து கேன்சல். கேன்சல் பண்ணிட்டு ஜனவரியில திரும்பச் சேர்ந்தா, விலை மாறாம இருந்தா அதே 1,800 தான். 700-ஆ ஏத்தியிருந்தா 2,100. இன்னொரு சான்ஸும் இருக்கு. போன ஆளைத் திரும்பக் கூப்பிடுறதுக்கு சில கம்பெனிங்க கொஞ்ச நாள் கழிச்சு மெயில் அனுப்புவாங்க, ‘வாங்க, இவ்வளவு தள்ளுபடி’ன்னு. வந்தா 1,800-க்கும் கீழ போயிருக்கும். ஆனா அது வரும்னு கேரன்டி கிடையாது. அதை நம்பி கேன்சல் பண்றது, அரியர் எக்ஸாம்ல கொஸ்டின் பேப்பர் ஈஸியா வரும்னு நம்பி போற மாதிரி. எனக்குப் பழைய விலையும் பாட ஹிஸ்டரியும் முக்கியம். அதனால பாஸ்.

இதை வெச்சு ஒரு சின்னக் கணக்கு போட்டேன். எந்தத் தள்ளுபடிக்கும் செட் ஆகும். தள்ளுபடிக் காலத்துல மொத்தம் எவ்வளவு கட்டப்போறீங்க? அதை ஒரு மாச முழு விலையால வகுங்க. வர்ற எண்ணைவிட அதிக மாசம் நீங்க நிஜமா யூஸ் பண்ணுவீங்களா? அப்போ வாங்குங்க. இல்லைன்னா விடுங்க. என் கேஸ்ல 900-ஐ 600-ஆல வகுத்தா ஒன்றரை. ஒன்றரை மாசத்துக்கு மேல யூஸ் பண்ணினாத்தான் லாபம், நான் பண்ணப்போறது ஒரு மாசம். ஃபெயில்! இதே மூணு மாசத்துக்கு 30% தள்ளுபடின்னா, 420 வீதம் 1,260. வகுத்தா ரெண்டுக்கு மேல வருது. அப்படின்னா மூணு மாசமும் விடாம யூஸ் பண்றவங்களுக்குத்தான் அது லாபம். ஒரு மாசம் லீவு நடுவுல வந்தாக்கூட நஷ்டம்.

எங்க ரூம்மேட் கேஸ் நேர் எதிர். அவன் பாட்டு கேட்காம தூங்க மாட்டான், எழுந்திரிக்க மாட்டான், குளிக்கவும் மாட்டான். (பாட்டு ஓடினாலும் சில நாள் குளிக்க மாட்டான், அது வேற கதை.) லீவோ, எக்ஸாமோ, அவனுக்குப் பன்னிரண்டு மாசமும் பாட்டு வேணும். அவன் கேன்சல் பட்டன் வரைக்கும் போய் ஒரு தள்ளுபடி வந்தா, கண்ணை மூடிட்டு வாங்கிக்கலாம். ஏன்னா எப்படியும் முழு விலை கட்டப்போற ஆள். அவனுக்கு வர்றது முழுக்க லாபம். அதனால தள்ளுபடி நல்லதா கெட்டதாங்கிறது, எத்தனை சதவீதம்கிறதை விட, ‘இது வரலைன்னா நான் என்ன பண்ணியிருப்பேன்’கிறதுலதான் இருக்கு. முழு விலைக்கே தொடர்ந்திருப்பேன்னா வாங்கு. கேன்சல் பண்ணியிருப்பேன்னா, 300 ரூபாய் மிச்சமில்லை, 300 ரூபாய் செலவு. எங்க அப்பா கேட்ட அதே கேள்விதான், கொஞ்சம் நீளமா!

ஒரு எச்சரிக்கை. ரூம்மேட் ஐடியாவைக் கேட்டுட்டு மாசா மாசம் கேன்சல் பட்டனை அமுக்கிப் பார்க்காதீங்க. ஒரு தடவை தள்ளுபடி வாங்கினவங்களுக்கு கொஞ்ச காலம் திரும்பக் காட்டாத மாதிரி பல இடங்கள்ல வெச்சிருப்பாங்க. அப்புறம், தள்ளுபடி எதுவும் வராம நிஜமாவே கேன்சல் ஆகிட்டா, பழைய விலையும் போச்சு. சும்மா விளையாடப் போய் கோல் வாங்கின கதை ஆகிடும்.

தள்ளுபடி பக்கத்துல ‘சரி’ அமுக்குறதுக்கு முன்னாடி, கீழ இருக்கிற பொடி எழுத்துல ரெண்டே ரெண்டு விஷயம் தேடுங்க. தள்ளுபடி முடிஞ்ச மறு மாசம் எவ்வளவு, எந்தத் தேதி? அந்தத் தேதிக்கு ரெண்டு நாள் முன்னாடி மொபைல்ல அலாரம் வெச்சுடுங்க. எனக்கு ஆகஸ்ட் 12 அடிச்சது அங்கதான். அடுத்தது, இதை வாங்கினா நடுவுல போக முடியுமா, இல்லை ஒரு வருஷத்துக்குக் கட்டிப் போடுறாங்களா?

இந்த ரெண்டாவது கேள்வி விளையாட்டு இல்லை. விஸ்காம் மாணவர்கள் யூஸ் பண்ற அடோபி சாஃப்ட்வேர்ல ‘வருஷத் திட்டம், மாசா மாசம் கட்டலாம்’னு ஒண்ணு இருக்கு. பார்க்க மாசச் சந்தா மாதிரி இருக்கும், ஆனா ஒப்பந்தம் ஒரு வருஷத்துக்கு. முதல் 14 நாளுக்கு அப்புறம் நடுவுல கேன்சல் பண்ணினா, மீதி மாசங்களுக்கான தொகையில பாதியை அபராதமா கேட்கிற முறை. இதைச் சரியா வெளிப்படையா சொல்லலைன்னு ஃபெடரல் டிரேட் கமிஷனோட பரிந்துரையில அமெரிக்க அரசு 2024 ஜூன்ல அந்தக் கம்பெனி மேல கேஸே போட்டுச்சு.

இந்த மாதிரித் திட்டத்துல கணக்கு மாறும். உதாரணத்துக்கு, மாசம் 1,000 ரூபாய், இன்னும் ஆறு மாசம் பாக்கின்னு வெச்சுக்கோங்க. கேன்சல் பண்ணினா 3,000 அபராதம், கையில ஒண்ணும் இருக்காது. ‘போகாதீங்க, ரெண்டு மாசம் ஃப்ரீ’ன்னு ஒரு ஆஃபர் வருதுன்னா, மீதி நாலு மாசத்துக்கு 4,000 கட்டி ஆறு மாசமும் யூஸ் பண்ணலாம். அப்போ உண்மையான வித்தியாசம் 1,000 ரூபாய்தான். அந்த ஆயிரத்துக்கு ஆறு மாசம் கிடைக்குது. ப்ராஜெக்ட்டுக்கு ரெண்டு மாசம் தேவைன்னாக்கூட வாங்கிக்கலாம். ஆனா ஒண்ணு. அந்த ஃப்ரீ ரெண்டு மாசத்தை ஒப்பந்தத்தோட வால்ல சேர்த்து நீட்டுறாங்களா, புது வருஷ ஒப்பந்தமா மாத்துறாங்களான்னு சாட்ல எழுத்துல கேட்டு வாங்கி, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க. போன்ல சொன்னது காத்தோட போயிடும்.

சிலர் இதுக்கெல்லாம் ஷார்ட்கட் வெச்சிருக்காங்க. ஆப்பையே அன்இன்ஸ்டால் பண்ணிடுறது! எங்க கிளாஸ்ல பாதிப் பேர் இதைத்தான் கேன்சல்னு நினைச்சுட்டு இருக்காங்க. பாஸ், ஆப் போனாலும் சந்தா போகாது. வீட்டு நாயை ஒளிச்சு வெச்சுட்டா கடிக்காதுன்னு அர்த்தமா?

இன்னொரு ஷார்ட்கட், யு.பி.ஐ. ஆப்ல போய் ஆட்டோபே அனுமதியை நிறுத்துறது. இது கொஞ்சம் யோசிக்க வேண்டிய மேட்டர். யு.பி.ஐ. ஆப்லயும் ‘Pause’, ‘Revoke’னு ரெண்டு பட்டன் இருக்கும். ஆனா அது காசு போற குழாயைத்தான் அடைக்குது. சந்தா அங்க உயிரோடதான் இருக்கு. கம்பெனி பார்வையில நீங்க ‘நிறுத்தி வெச்ச’ ஆள் இல்லை, ‘காசு கட்டாத’ ஆள். மாசச் சந்தான்னா பெரும்பாலும் கொஞ்ச நாள் முயற்சி பண்ணிட்டு அவங்களே கட் பண்ணிடுவாங்க. பழைய விலையும் சேர்ந்து போகலாம். வருஷ ஒப்பந்தம்னா பாக்கின்னு துரத்தலாம். அதனால வரிசை இதுதான்: முதல்ல ஆப்ல கேன்சல், உறுதி பண்ற மெயில் வந்துச்சான்னு பார்க்கணும், அதுக்கப்புறம் யு.பி.ஐ.ல அனுமதியை ரத்து பண்ணணும். பாஸ் பண்ணினவங்க அனுமதியைத் தொட வேண்டாம், திரும்ப ஓடும்போது அது வேணும்.

அந்த அனுமதிப் பக்கத்துல இன்னொண்ணும் பாருங்க. ‘அதிகபட்சத் தொகை’ன்னு ஒண்ணு போட்டிருக்கும். சந்தா 300-ஆ இருந்தாலும் அங்க 1,000-ன்னு இருக்கலாம். தள்ளுபடி முடிஞ்சு 600 கழியும்போது உங்ககிட்ட பின் நம்பர் கேட்காததுக்குக் காரணம் இதுதான். ரிசர்வ் வங்கி விதிப்படி 15,000 ரூபாய் வரைக்குமான இந்த மாதிரி மாசப் பிடித்தத்துக்கு ஒவ்வொரு தடவையும் ஓ.டி.பி.யோ பின்னோ தேவையில்லை. ஆனா கழிக்கிறதுக்குக் குறைஞ்சது 24 மணி நேரம் முன்னாடி, எவ்வளவு, யாருக்குன்னு தகவல் வரணும். வருது, நாமதான் படிக்கிறதில்லை! ஆகஸ்ட் 11-ம் தேதி எனக்கும் வந்திருக்கு. பேங்க் மெசேஜ்னாலே லோன் விளம்பரம்னு நினைச்சு ஸ்வைப் பண்ணித் தள்ளியிருக்கேன்.

கேன்சல் பட்டனையே ஒளிச்சு வெச்சு அலையவிட்டா என்ன பண்றது? அமேசான் பிரைம் கேன்சல் பண்ற வழிக்கு உள்ளுக்குள்ள ‘இலியட்’னு பேர் வெச்சிருந்தாங்கன்னு அதே அமெரிக்க கமிஷன் 2023-ல போட்ட கேஸ்ல சொல்லியிருக்கு. பத்து வருஷ ட்ராய் யுத்தத்தைப் பாடின கிரேக்கக் காவியத்தோட பேர்! எவ்வளவு நீளம்னு அவங்களுக்கே தெரிஞ்சிருக்கு, பாருங்க. 2025 செப்டம்பர்ல 250 கோடி டாலருக்கு அந்தக் கேஸை செட்டில் பண்ணினாங்க. நம்ம நாட்டுலயும் 2023 நவம்பர்ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 விதமான ஏமாத்து டிசைன்களுக்குத் தடை போட்டு வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டுச்சு. கேன்சல் பண்றதைக் கஷ்டமாக்குற ‘சந்தாப் பொறி’ அதுல ஒண்ணு. ‘வேண்டாம், எனக்கு முன்னேறுறதுல ஆசை இல்லை’ன்னு பட்டன்ல எழுதி நம்மளைக் கூச்சப்பட வைக்கிறதும் அந்த லிஸ்ட்ல உண்டு. நிஜமாவே மாட்டிக்கிட்டா ஸ்க்ரீன்ஷாட்டோட 1915-ங்கிற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போடுங்க.

என் கதையோட மிச்சம்? நவம்பர் 8-ம் தேதி அந்தப் பட்டாசு பக்கத்தைத் தாண்டி, சாம்பல் கலர் ‘Pause instead’-ஐ அமுக்கினேன். ரெண்டு மாசம்னு செலக்ட் பண்ணினேன். ‘ஜனவரி 12 அன்று ரூ.600-க்கு மீண்டும் தொடங்கும்’னு மெயில் வந்துச்சு. ஸ்டார் போட்டு வெச்சேன். ஜனவரி 10-ம் தேதிக்கு அலாரம்.

அலாரம் அடிச்சப்போ கடையில இருந்தேன். எதுக்குடா அலாரம்னு அப்பா கேட்டார். சொன்னேன். “இப்ப வேணுமா?” என்றார். வேணும்ப்பா, பதினாறாம் தேதியில இருந்து கிளாஸ், ஏப்ரல்ல கம்பெனிங்க வர்றாங்கன்னேன். “அப்ப ஓடட்டும்” என்றவர், கல்லாவைத் திறந்து அறுநூறு ரூபாயை எண்ணிக் கொடுத்தார். அக்கவுன்ட்ல இருக்குப்பான்னேன். “மெஸ் பில்லுக்கு வெச்சுக்கோ” என்றார்.

உங்க மொபைல்ல எத்தனை ஆட்டோபே ஓடுதுன்னு எண்ணிப் பார்த்து எழுதுங்க மக்களே. எங்க ரூம்ல மூணு பேருக்கும் சேர்த்து பதினொண்ணு. அதுல ரெண்டு, எதுக்குன்னு யாருக்குமே தெரியலை!